அழுத்தமானி ஏழு காட்டுகிறது, தண்ணீர் வருமா?

சிவப்புக் குழாய், சிவப்புப் பெட்டி, கூரையில் வரிசையாகத் தெரியும் ஸ்பிரிங்க்ளர் முனைகள். ஒரு வணிகக் கட்டடத்தில் இவை இருக்கின்றனவா என்று பார்ப்பது எளிது; வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு சுற்று வந்தால் போதும். அனுபவமுள்ள தீயணைப்பு ஆய்வாளர் அதில் அதிக நேரம் செலவிடுவதில்லை. அவருடைய சந்தேகம் வேறு. இந்தக் கருவிகளை யாரோ ஒருவர் ஏதோ ஒரு வேலைக்காக நிறுத்தியிருப்பார். அதைத் திரும்பப் பழைய நிலையில் வைத்தாரா?

இந்தச் சந்தேகத்துக்கு ஆதாரம் இருக்கிறது. ஸ்பிரிங்க்ளர் பொருத்தப்பட்டிருந்தும் அது வேலை செய்யாமல் போன தீவிபத்துகளை அமெரிக்கத் தேசியத் தீத்தடுப்புச் சங்கம் நெடுங்காலமாக ஆராய்ந்துவருகிறது. அவற்றில் பாதிக்கும் மேற்பட்டவற்றில் காரணம் ஒன்றேதான்: அமைப்பு முன்பே நிறுத்திவைக்கப்பட்டிருந்தது. துரு, அடைப்பு, பழைய கருவி என்று நாம் முதலில் நினைக்கும் காரணங்களெல்லாம் அதற்குப் பின்னால்தான் வருகின்றன. ஆகவே பராமரிப்பு என்பது எண்ணெய் போடுவதையும் தூசி துடைப்பதையும் விட, எந்த வால்வு, எந்த சுவிட்ச் எந்த நிலையில் இருக்கிறது என்பதைத் தொடர்ந்து கவனிக்கும் வேலை.

தமிழ்நாட்டில் இந்த ஆய்வுக்குச் சட்ட அடிப்படை 1985ஆம் ஆண்டின் தமிழ்நாடு தீயணைப்புப் பணிச் சட்டம். எந்த உயரத்துக்கு, எந்தப் பயன்பாட்டுக்கு என்னென்ன கருவிகள் வேண்டும் என்பதை 2016ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பின் நான்காம் பகுதி சொல்கிறது. 2019இல் வந்த தமிழ்நாட்டுக் கட்டட விதிகளின்படி 18.30 மீட்டரைத் தாண்டினால் அது உயர்மாடிக் கட்டடம். சட்டம் பற்றி இவ்வளவு போதும். சுவாரசியமான விஷயம் பம்ப் அறையில் இருக்கிறது.

மூன்று பம்புகளின் வரிசை

தீயணைக்க ஹோஸ் மாட்டும் ஹைட்ரண்டுகளின் குழாயும் ஸ்பிரிங்க்ளர் குழாயும் எப்போதும் அழுத்தத்தோடு நீர் நிரம்பி நிற்பவை. ஏழு மாடிக் கட்டடம் ஒன்றை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். பம்ப் அறை அழுத்தமானி ஏழு கிலோ காட்டுகிறது. அதாவது சதுர சென்டிமீட்டருக்கு ஏழு கிலோ. எங்கோ ஒரு இணைப்பில் துளித்துளியாகக் கசிந்து அழுத்தம் ஆறுக்கு இறங்கினால், ஜாக்கி என்ற சிறிய பம்ப் தானாக ஓடி ஏழுக்கு ஏற்றிவிட்டுத் தானே நின்றுகொள்ளும். யாராவது ஒரு ஹைட்ரண்டைத் திறந்தாலோ, ஒரு ஸ்பிரிங்க்ளர் முனை வெடித்தாலோ ஜாக்கியால் ஈடுகொடுக்க முடியாது. அழுத்தம் ஐந்துக்கு விழும்போது மின்சார மெயின் பம்ப் கிளம்பும். அதுவும் கிளம்பாமல் நாலுக்கு விழுந்தால் டீசல் பம்ப். இந்த எண்கள் கட்டடத்துக்குக் கட்டடம் மாறும், வரிசை மாறாது. இன்னொன்று, ஜாக்கி மட்டுமே தானாக நிற்கும். பெரிய பம்புகள் இரண்டையும் ஆள் வந்துதான் நிறுத்த வேண்டும். தீயை அணைத்துக்கொண்டிருக்கும்போது பம்ப் தானாக நின்றுவிடக் கூடாது என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள்.

ஒவ்வொரு பம்புக்கும் ஆட்டோ, மேனுவல், ஆஃப் என்ற மூன்று நிலைகளுள்ள சுவிட்ச் உண்டு. ஆய்வாளரின் கண் முதலில் போகுமிடம் இது. மெயின் பம்ப் அடிக்கடி காரணமில்லாமல் ஓடுகிறது என்று இரவுக் காவலாளி மேனுவலில் திருப்பிவைத்திருப்பார். உண்மையான கோளாறு, அழுத்தம் விழுந்ததும் பம்பைக் கிளப்பும் பிரஷர் சுவிட்சில் வைத்த அளவு நகர்ந்ததாகவோ ஜாக்கி பழுதானதாகவோ இருக்கும். சத்தம் நின்றதோடு பிரச்சினையும் நின்றதாக எல்லோரும் எடுத்துக்கொள்வார்கள். நான் பார்த்தவரை, கட்டட நிர்வாகிகளுக்கு மிக எளிதில் பழகிப்போகும் தவறு இதுதான்.

ஜாக்கி எத்தனை முறை ஓடுகிறது என்பதே ஒரு நோய்க்குறி. ஒரு நாளைக்குச் சில தடவை என்றால் கவலையில்லை. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை என்றால் நிலத்தடிக் குழாயில் கசிவு இருக்கலாம், அல்லது நீர் பின்னோக்கிப் போகாமல் தடுக்கும் நான்-ரிட்டர்ன் வால்வு சரியாக மூடாமல் தொட்டிக்கே நீரைத் திருப்பி விட்டுக்கொண்டிருக்கலாம். எது என்று கண்டுபிடிக்க, பம்பின் வெளிவாய் வால்வைச் சிறிது நேரம் மூடிப் பார்ப்பார்கள். குழாய்ப் பக்கத்து அழுத்தம் இறங்காமல் நின்றால் குற்றவாளி பம்ப் பக்கம்; இறங்கிக்கொண்டே இருந்தால் குழாய்ப் பக்கம். பார்த்த பிறகு வால்வைத் திறந்துவிட வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை என்று தோன்றும். ஆனால் மேலே சொன்ன கணக்கில் இப்படிப்பட்ட மறதிக்கும் பங்கு உண்டு.

நிற்கும் நீர் பொய் சொல்லும்

மொட்டைமாடி ஹைட்ரண்டில் ஒரு அழுத்தமானியைப் பொருத்திப் பார்க்கிறார்கள். கட்டடம் பம்பிலிருந்து 24 மீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்வோம். பத்து மீட்டர் ஏற்றத்துக்கு ஏறத்தாழ ஒரு கிலோ குறையும். ஏழில் 2.4 போக 4.6 கிலோ காட்ட வேண்டும், காட்டுகிறது. விதித்தொகுப்பு உச்சியில் எதிர்பார்ப்பது 3.5 கிலோ. பலர் இங்கேயே திருப்தியடைந்து பதிவேட்டில் எழுதிவிடுகிறார்கள்.

இதில் ஒரு ஓட்டை இருக்கிறது. நகராத நீரில் அழுத்தம் சிறு இடுக்கு வழியாகவும் முழுதாகக் கடந்துவிடும். நடுவில் ஒரு வால்வு முக்கால்வாசி மூடியிருந்தாலும் அழுத்தமானியில் அதே 4.6தான் தெரியும். நீர் ஓடத் தொடங்கும்போதுதான் அந்த இடுக்கில் அழுத்தம் செத்துப்போகும். எனவே நீரை ஓடவிட்டுப் பார்க்காத சோதனை, சோதனையே ஆகாது.

மாடிகளுக்கு நீரைச் செங்குத்தாக ஏற்றிச்செல்லும் ஸ்பிரிங்க்ளர் ரைசர் குழாயின் அடியில் இதற்கென்றே ஒரு பெரிய வடிகால் வால்வு இருக்கும். அதை முழுதாகத் திறந்து, மெயின் பம்ப் கிளம்பி ஓட்டம் நிலைப்பட்டதும் ரைசர் அழுத்தமானியைப் படிக்க வேண்டும். பிறகு மூடி, அழுத்தம் எவ்வளவு விரைவில் திரும்புகிறது என்று பார்க்க வேண்டும். சென்ற ஆண்டுப் பதிவு இப்படி இருக்கிறது என்று கொள்வோம்: திறக்கும் முன் 7, ஓடும்போது 5.8, மூடியதும் சட்டென்று பழைய நிலை. இந்த ஆண்டு: திறக்கும் முன் 7, ஓடும்போது 3.2, மூடிய பிறகு மெதுவாக ஏறுகிறது. முதல் எண்ணை மட்டும் எழுதும் வழக்கமுள்ளவருக்கு இரண்டு ஆண்டுகளும் ஒன்றுபோலத் தெரியும்.

இப்போது என்ன செய்வது? ஓட்டத்தின்போது பம்பின் வெளிவாயிலேயே உள்ள அழுத்தமானியைப் பார்க்க வேண்டும். அங்கேயும் அழுத்தம் விழுந்திருந்தால் பம்ப் தேய்ந்திருக்கிறது, அல்லது உறிஞ்சுகுழாயின் வடிகட்டி அடைத்திருக்கிறது. அங்கே அழுத்தம் நன்றாக நின்று, ரைசரில் மட்டும் விழுந்தால் இரண்டுக்கும் நடுவே ஏதோ வழியை மறிக்கிறது. வால்வுகளை ஒவ்வொன்றாக முழுதும் மூடி மறுபடி திறந்து, சக்கரம் எத்தனை சுற்றுச் சுற்றுகிறது என்று எண்ணிப் பார்ப்பார்கள். ஒரே அளவுள்ள மற்ற வால்வுகளுக்குப் பதினைந்து சுற்று ஆகும்போது ஒன்று மட்டும் ஐந்தில் நின்றால் விடை கிடைத்துவிட்டது. மூன்றாம் மாடியில் ஒரு கசிவைச் சரிசெய்ய வந்தவர் இந்த வால்வை மூடியிருப்பார். திறக்கும்போது சக்கரம் இறுகி நிற்கவே, முழுதும் திறந்துவிட்டதாக நினைத்துப் போயிருப்பார். பட்டர்ஃப்ளை வால்வுகளில் இன்னொரு வம்பு உண்டு. உள்ளே தட்டு கழன்றிருந்தாலும் வெளியே முள் திறந்த நிலையையே காட்டும்.

ஓட்டத்தைச் சோதிக்காததன் விலையை 1991 பிப்ரவரி 23 அன்று ஃபிலடெல்ஃபியா நகரம் கண்டது. ஒன் மெரிடியன் பிளாசா என்ற 38 மாடி அலுவலகக் கட்டடத்தில் 22ஆம் மாடியில், ஆளி எண்ணெய் தோய்ந்த துணிகளிலிருந்து தீ பிடித்தது. வீரர்கள் மாடிப்படிக் குழாயில் ஹோஸை மாட்டித் திறந்தார்கள். நீர் பலமில்லாமல் வந்தது. அந்த ஹைட்ரண்ட் வால்வுகளில் அழுத்தத்தைக் குறைக்கும் வகை பொருத்தப்பட்டிருந்தது. கீழ்மாடிகளில் அழுத்தம் மிகுந்து ஹோஸ் கையை மீறாமல் இருக்க வைப்பது அது. அங்கே அவற்றில் வைத்த அளவு தவறு, வெளிவந்த அழுத்தம் தீயை எதிர்க்கப் போதவில்லை. கட்டடத்தின் மின்சாரமும் பறிபோயிருந்தது. மூன்று வீரர்கள் இறந்தார்கள். தீ மாடி மாடியாக ஏறி 30ஆம் மாடியை அடைந்தபோது, அங்கே பொருத்தப்பட்டிருந்த ஸ்பிரிங்க்ளர்களில் பத்தே முனைகள் திறந்து அதை நிறுத்தின. எட்டு மாடிகளில் முடியாததைப் பத்து முனைகள் செய்தன. அந்த ஹைட்ரண்டுகளும் சோதிக்கும்வரை பார்வைக்கு நன்றாகத்தான் இருந்திருக்கும்.

நம் ஊர்களில் அழுத்தக்குறைப்பு வால்வு பெரும்பாலும் மிக உயரமான கட்டடங்களில்தான் வரும். அங்கே ஆய்வாளர் மாடிக்கு மாடி அளவு கேட்பதில் வியப்பில்லை.

மின்சாரத்தைத் துண்டித்த பிறகு

தீ என்றதும் வீரர்கள் செய்யும் முதல் வேலைகளில் ஒன்று கட்டடத்தின் மின்சாரத்தைத் துண்டிப்பது. ஈரத் தரையும் மின்சாரமும் சேர்ந்தால் அவர்கள் உயிருக்கு ஆபத்து. மெயின் பம்புக்கான கம்பி, கட்டடத்தின் பிரதான சுவிட்சுக்குப் பின்னாலிருந்து எடுக்கப்பட்டிருந்தால், அந்தக் கணமே பம்பும் செத்துவிடும். எனவே பம்புக்கான மின்னிணைப்பு பிரதான சுவிட்சுக்கு முன்பிருந்தே தனியாக வர வேண்டும். இதைச் சோதிக்க ஒரே வழி, பிரதான சுவிட்சை இறக்கிவிட்டுப் பம்பை ஓட்டிப் பார்ப்பதுதான். கடை நிர்வாகிகளுக்கு இது பிடிக்காது, கணினிகளெல்லாம் அணைந்துவிடும் என்பார்கள். ஞாயிறு காலையில் கடை திறக்கும் முன் வைத்துக்கொள்ளலாம்.

டீசல் பம்பில் பெரும்பாலும் மோசம்செய்வது என்ஜின் அல்ல, பேட்டரி. வாரம் ஒருமுறை அதை ஓட்டிப் பார்க்க வேண்டும். அமெரிக்க விதியான என்.எஃப்.பி.ஏ. 25 முப்பது நிமிடம் ஓட்டச் சொல்கிறது. என்ஜின் முழுச் சூட்டை எட்டினால்தான் குளிர்விப்பு நீர்க் கோளாறும் எண்ணெய்க் கசிவும் தெரியவரும். இங்கே பல இடங்களில் இரண்டு நிமிடம் உறுமவிட்டு அணைத்துவிடுகிறார்கள். அதனால் பேட்டரி என்ஜினைக் கிளப்புகிறது என்பது மட்டுமே தெரியும். வாரச் சோதனையைப் பொத்தானை அழுத்திச் செய்வதும் பாதிச் சோதனைதான். குழாய் அழுத்தத்தை ஒரு சிறு வடிகால் வழியே இறக்கி, பம்ப் எந்த எண்ணில் தானாகக் கிளம்புகிறது என்று குறிக்க வேண்டும். போன மாதம் ஐந்தில் கிளம்பிய பம்ப் இந்த மாதம் நாலரையில் கிளம்பினால் பிரஷர் சுவிட்ச் நகர்ந்துவருகிறது.

தொட்டியிலும் ஒரு கேள்வி உண்டு. சென்னையில் கோடை முற்றும்போது, தீயணைப்புக்கென்று ஒதுக்கிய நீர் கழிப்பறைக்குப் போவது பலருக்கும் தெரிந்த ரகசியம். ஒரே தொட்டியை இரண்டுக்கும் பயன்படுத்தினால், அன்றாடப் பயன்பாட்டுக் குழாயின் உறிஞ்சும் வாய் உயரத்திலும் தீயணைப்பு பம்பின் வாய் அடியிலும் இருக்க வேண்டும். அப்போது எவ்வளவு இறைத்தாலும் அடிநீர் மிஞ்சும். ஆய்வாளர் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்ப்பது இந்த இரண்டு வாய்களைத்தான்.

கூரையில்

எல்லா ஸ்பிரிங்க்ளர்களும் ஒரே நேரத்தில் கொட்டும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அலுவலகங்களிலும் கடைகளிலும் இருக்கும் வகையில் ஒவ்வொரு முனையும் தனித்தனி. கண்ணாடிக் குமிழிலுள்ள திரவம் சூட்டில் விரிந்து குமிழை உடைத்தால் அந்த முனை மட்டும் திறக்கும். சிவப்புக் குமிழ் 68 டிகிரியில் உடையும், பச்சை 93இல். சமையலறையில் சிவப்பு இருந்தால் காரணமின்றி வெடிக்கலாம். அலுவலகத்தில் பச்சை இருந்தால் தாமதமாகத் திறக்கும்.

கெடுப்பவர்கள் பெரும்பாலும் உள்ளலங்காரக்காரர்கள். வாடகைக்கு வந்தவர் கேபின் தடுப்புகளைக் கூரை வரை எழுப்புவார். ஒரு முனை தடுப்புக்கு அந்தப் பக்கமும், ஆள் உட்காரும் அறை இந்தப் பக்கமும் ஆகிவிடும். புதிய ஃபால்ஸ் சீலிங் போட்டு முனைகளைப் பலகைக்கு மேலே விட்டுவிடுவார்கள். பெயின்ட் அடிப்பவர் முனைக்கும் ஒரு பூச்சு கொடுத்துவிடுவார். பெயின்ட் பட்ட முனையைச் சுரண்டிச் சுத்தம்செய்யக் கூடாது, மாற்றத்தான் வேண்டும். துணிக்கடைக் கிடங்கில் மூட்டைகள் கூரையைத் தொடும்வரை அடுக்கியிருப்பார்கள். முனைக்கு அடியில் சுமார் அரை மீட்டர் வெற்றிடம் இல்லாவிட்டால் நீர் குடைபோல விரிய இடமில்லாமல் மேல் வரிசையிலேயே வழிந்துவிடும்.

ஒவ்வொரு மாடியின் ஸ்பிரிங்க்ளர் குழாய்க்கும் கடைசி முனையில் ஒரு சிறு சோதனை வால்வு இருக்கும். அதன் துளை ஒரே ஒரு ஸ்பிரிங்க்ளரின் அளவு. அதைத் திறந்தால், ஒரு முனை வெடித்ததற்குச் சமமான ஓட்டம் உண்டாகும். அந்த மாடியின் ஃப்ளோ சுவிட்ச் அதை உணர்ந்து கட்டுப்பாட்டு அறை பேனலில் அலாரம் வர வேண்டும். அழுத்த அலைகளால் வீண் அலாரம் எழாதிருக்கச் சுவிட்சில் சிறிது தாமதம் வைத்திருப்பார்கள். ஒன்றரை நிமிடத்துக்குள் வராவிட்டால் கோளாறு. பேனலில் வேறு மாடியின் பெயர் வருவதும் உண்டு. அது சிரிக்கத்தக்க தவறு அல்ல. ஆறாம் மாடியில் எரியும்போது ஆட்கள் நான்காம் மாடிக்கு ஓடுவார்கள்.

பேனலும் பெட்டியும்

அலாரம் பேனலில் பச்சை விளக்கு மட்டும் எரிய வேண்டும். மஞ்சளில் கோளாறு, நிறுத்திவைப்பு என்று ஏதாவது இருந்தால் ஏன் என்று பதில் வேண்டும். புகை உணரிகள் பொய்யாகக் கத்துகின்றன என்று பல உணரிகளை இணைக்கும் ஒரு லூப்பையே முடக்கிவைத்த பேனல்கள் அரிதல்ல. பொய் அலாரத்துக்குக் காரணங்கள் பெரும்பாலும் சாதாரணமானவை: உணரிக்குள் தூசி, குளிர்சாதனக் காற்றுவாய்க்கு நேர் எதிரே பொருத்தியது, காபி இயந்திரத்துக்கு மேலே பொருத்தியது. இடத்தை மாற்றினால் தீரும் பிரச்சினைக்கு ஒரு மாடி முழுவதையும் குருடாக்கிவிடுகிறார்கள். கட்டுமானத்தின்போது தூசிக்காக மாட்டிய பிளாஸ்டிக் மூடி, ஆண்டுக்கணக்கில் கழற்றப்படாமலே இருப்பதும் உண்டு. பேனல் அதை உணரியாகவே கணக்கில் வைத்திருக்கும்.

கையால் அழுத்தி அலாரம் எழுப்பும் பெட்டிகளில் வாரம் ஒன்றைச் சோதிப்பது நல்ல வழக்கம், ஆனால் வாராவாரம் வேறு வேறு பெட்டி. வாசலருகே உள்ள ஒன்றையே சோதித்துக்கொண்டிருந்தால் அது ஒன்று நன்றாக இருப்பது மட்டுமே தெரியும். ஆய்வாளர் இங்கே கூர்ந்து பார்ப்பது மணியைவிட, மணியோடு நடக்க வேண்டிய மற்றவற்றை: குளிர்சாதனக் காற்றோட்டம் நிற்கிறதா, லிஃப்ட் தரைத்தளத்துக்கு வந்து கதவைத் திறந்து நிற்கிறதா, அட்டை காட்டித் திறக்கும் கதவுகள் தாமாக விடுபடுகின்றனவா. இவற்றில் கடைசியில்தான் அதிகம் தோற்கிறார்கள். பாதுகாப்புக்கென்று பிற்பாடு பொருத்திய கதவை அலாரத்தோடு இணைத்திருக்கவே மாட்டார்கள்.

ஹைட்ரண்ட் பெட்டிகளில் பார்ப்பது எளிய விஷயங்கள்தான். ஹோஸ் மடிப்பில் வெடித்திருக்கிறதா, இணைப்பின் ரப்பர் வளையம் இருக்கிறதா, பித்தளை முனை இருக்கிறதா. பித்தளைக்குப் பழைய இரும்புக்கடையில் விலை உண்டு. அதனால் பெட்டியிலிருந்து அது காணாமல் போகும். வெளியே தீயணைப்பு வண்டி நீர் செலுத்தும் இணைப்பு வாய்க்கு முன்னால் கார் நிற்கிறதா என்பதையும் பார்ப்பார்கள். அங்குள்ள நான்-ரிட்டர்ன் வால்வு இறுகிப்போயிருந்தால் வண்டி கொடுக்கும் நீர் உள்ளே போகாது.

கடைசியில் பதிவேடு. ஆண்டு முழுவதும் ஒவ்வொரு நாளும் 7.0 என்று ஒரே பேனாவில், ஒரே கையெழுத்தில் எழுதியிருந்தால் அது ஒரே மாலையில் எழுதப்பட்டது என்பது பார்த்தவுடன் தெரியும். உண்மையான பதிவில் எண்கள் ஆடும், குறைகளும் இருக்கும். ஆய்வாளர் நம்பும் பதிவு ஏறத்தாழ இப்படி இருக்கும்: காலை 7.40, வடிகால் திறப்பு, ஜாக்கி 6.1இல் ஓடியது; மெயின் 4.9இல் தானாகக் கிளம்பியது. டீசல் கிளம்பவில்லை, பேட்டரி 10.8 வோல்ட், பேட்டரி மாற்ற எழுதிக்கொடுத்தாயிற்று, மெயின் கையால் நிறுத்தப்பட்டது, மூன்று சுவிட்சும் ஆட்டோவில். மறுநாள் பதிவு: புதிய பேட்டரி, டீசல் 4.0இல் கிளம்பியது, முப்பது நிமிடம் ஓடியது.